‘கிளம்பிட்டோம்!’ போட்டோவில் ஒளிந்திருக்கும் விலாசம்

அதிகாலை நான்கு மணி. மீனம்பாக்கம் விமான நிலையம். செக்-இன் முடிந்து, பைகளை ஒப்படைத்து, காபி வாங்கி உட்கார்ந்ததும் குடும்பத்தில் யாராவது ஒருவர் செய்யும் வேலை ஒன்று உண்டு. நான்கு பாஸ்போர்ட்டுகளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் போர்டிங் பாஸ் எட்டிப் பார்க்கும்படி ஒரு படம். ‘கிளம்பிட்டோம்!’ என்று ஒரு வரி. விமானம் ஏறுவதற்குள் நூறு லைக்.

அந்தப் படத்தில் தெரியும் ஆறு எழுத்துகள் என்ன செய்யும் என்பதற்கு, ஒரு முன்னாள் பிரதமருக்கு நடந்ததே உதாரணம்.

பிரதமரின் பாஸ்போர்ட் எண்

டோனி அபாட், 2013 முதல் 2015 வரை ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்தவர். 2020 மார்ச்சில் அவர் தன் விமானப் பயணத்தின் போர்டிங் பாஸைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். படத்தில் பயணப் பதிவு எண் தெரிந்தது. நம் ஊரில் ‘பி.என்.ஆர்’ என்று சொல்கிறோமே, அதுதான்.

அலெக்ஸ் ஹோப் என்ற இணையப் பாதுகாப்பு ஆர்வலரின் கண்ணில் அந்தப் படம் பட்டது. அவர் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய், பதிவு எண்ணையும் ‘அபாட்’ என்ற குடும்பப் பெயரையும் கொடுத்தார். கதவு திறந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஓ.டி.பி-யும் கேட்கவில்லை.

உள்ளே திரையில் தெரிந்தது பயண விவரம் மட்டும்தான். ஆனால், அந்தப் பக்கத்தின் பின்னணியில் இருக்கும் நிரல் வரிகளை எந்த பிரவுசரிலும் பார்க்க முடியும். அவர் பார்த்தார். அங்கே அபாட்டின் பாஸ்போர்ட் எண்ணும் தொலைபேசி எண்ணும் இருந்தன. அவரைப் பற்றி விமான நிறுவன ஊழியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள்கூட இருந்தன.

ஹோப் அதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. ஆஸ்திரேலிய அரசின் பாதுகாப்பு அமைப்புக்கும் விமான நிறுவனத்துக்கும் தெரியப்படுத்தினார். ஓட்டை அடைக்கப்பட்ட பிறகு, 2020 செப்டம்பரில்தான் விஷயத்தை வெளியே எழுதினார். அபாட்டே அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசி, இந்த கம்ப்யூட்டர் சமாசாரங்களை எப்படிக் கற்றுக்கொள்வது என்று விசாரித்தார். கதை சுமுகமாக முடிந்தது. படத்தைப் பார்த்தவர் நல்லவராக இருந்ததால் முடிந்தது.

ஆறு எழுத்து என்ன செய்யும்?

பி.என்.ஆர் என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. பார்ப்பதற்கு ரசீது எண் போல இருக்கும். வேலை செய்வதோ பாஸ்வேர்டு போல. பல விமான நிறுவனங்களின் இணையதளத்தில் ‘Manage Booking’ என்ற பகுதிக்குள் போக, இந்த எண்ணும் பயணியின் கடைசிப் பெயரும் இருந்தால் போதும். 2016 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் மாநாட்டில், கார்ஸ்டன் நோல், நெமன்யா நிகோடியேவிச் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்தப் பலவீனத்தை மேடையிலேயே விளக்கிக் காட்டினார்கள். சாதாரண பாஸ்வேர்டை யாரும் காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுப்பதில்லை. இதை போர்டிங் பாஸிலும் அச்சடிக்கிறார்கள், பைகளில் ஒட்டும் பட்டையிலும் பல சமயம் அச்சடிக்கிறார்கள்.

உள்ளே போனவரால் என்ன செய்ய முடியும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். திரும்பி வரும் தேதியைப் பார்க்கலாம். கூடவே பயணிப்பவர்களின் பெயர்களைப் பார்க்கலாம். சில இடங்களில் இருக்கையை மாற்றலாம், டிக்கெட்டை ரத்துகூடச் செய்யலாம். போகும்போது போட்ட படத்தால், திரும்பி வரும் டிக்கெட்டுக்கு ஆபத்து வரும் வழி இதுதான்.

நம் ஊர்ப் பெயர்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால் டிக்கெட் படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் அப்பா பெயரோ கணவர் பெயரோதான் போய் உட்காரும். ஆக, முன்பின் தெரியாதவருக்கு அந்தப் படம் உங்கள் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

‘பேரை அழிச்சுட்டேனே!’

விவரம் தெரிந்தவர்கள் பெயரின் மீதும் பி.என்.ஆர் மீதும் விரலை வைத்து மறைத்துக்கொண்டு படம் எடுப்பார்கள். பக்கத்தில் இருக்கும் பார்கோடை விட்டுவிடுவார்கள். அது வெறும் கறுப்புப் புள்ளிக் கோலம், மனிதர்களால் படிக்க முடியாது என்ற நினைப்பு.

கண்ணால் படிக்க முடியாது என்பது சரிதான். போன் படித்துவிடும். போர்டிங் பாஸின் பார்கோடில் என்ன இருக்க வேண்டும், எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பதை ‘அயாட்டா’ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்திருக்கிறது. அந்த விவரம் பூட்டி வைக்கப்பட்டதல்ல. சாதாரண எழுத்தாகவே உள்ளே இருக்கிறது. பார்கோடு படிக்கும் செயலி ஒன்று இருந்தால் போதும்.

செல்வி குமார் என்று ஒரு கற்பனைப் பயணி சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பார்கோடைப் படித்தால் திரையில் வருவது இப்படி இருக்கும்:

```
M1KUMAR/SELVI         EQX7K2P MAASINXX 0123 045Y012A0034 100
```

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதலில் வரும் M1, இதில் ஒரே ஒரு விமானப் பயணம் இருக்கிறது என்பதற்கான குறி. அடுத்து, கடைசிப் பெயரும் முதல் பெயரும். பிறகு வரும் E, இது மின்னணு டிக்கெட் என்கிறது. அதை ஒட்டியிருக்கும் QX7K2P என்பதுதான் செல்வி விரலால் மறைத்த அதே பி.என்.ஆர். MAA சென்னை, SIN சிங்கப்பூர். XX என்பது நம் கற்பனை விமான நிறுவனம், 0123 விமானத்தின் எண். அடுத்து வரும் 045, ஆண்டின் 45-வது நாள். ஜனவரியின் 31 நாள் போக மீதி 14, அதாவது பிப்ரவரி 14. Y என்பது எகானமி வகுப்பு, 012A இருக்கை. 0034 என்றால் செக்-இன் செய்ததில் 34-வது ஆள்.

கடைசியில் உள்ள இரண்டு பூஜ்யங்கள், ‘இதற்கு மேல் கூடுதல் விவரம் இல்லை’ என்கின்றன. பல உண்மையான பாஸ்களில் அங்கே பூஜ்யம் இருக்காது. டிக்கெட் எண்ணும், அடிக்கடி பறப்பவர்களுக்கான உறுப்பினர் எண்ணும் தொடரும். காகிதத்தில் அச்சாகாத விவரம்கூட பார்கோடில் இருக்கலாம்.

ஆகவே பெயரை அழித்துவிட்டு பார்கோடை விட்டுவைப்பது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைப்பது மாதிரிதான்.

பார்சல் படம்: மாட்டுவது வாடிக்கையாளர்

விமானத்தில் போவது எப்போதோ ஒரு முறை. பார்சலோ வாரா வாரம். வீட்டில் இருந்தபடி புடவை, நைட்டி, மசாலாப்பொடி விற்கும் பெண்கள் எத்தனையோ பேர். ‘இன்னைக்கு கிளம்புற பார்சல்கள்’ என்று அடுக்கி வைத்துப் படமெடுத்து, ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுவது அந்த வியாபாரத்தின் விளம்பரம். ‘பாருங்கள், நான் ஏமாற்றுப் பேர்வழி இல்லை, நிஜமாகவே அனுப்புகிறேன்’ என்பதற்கான அத்தாட்சி அது.

அந்தப் படத்தில் மாட்டிக்கொள்வது விற்பவர் அல்ல, வாங்கியவர். பெயர், கதவு எண், தெரு, பின்கோடு, பத்து இலக்க மொபைல் எண் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். கூடவே கூரியர் எண்ணுக்கான நீளப் பார்கோடு. ஸ்பீட் போஸ்ட் என்றால் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது எண், முடிவில் IN என்று பதின்மூன்று இடங்கள் கொண்ட எண். அதைக் கண்காணிப்புப் பக்கத்தில் போட்டால், பார்சல் இப்போது எங்கே இருக்கிறது, எப்போது பட்டுவாடா ஆனது என்பது தெரிந்துவிடும்.

மோசடிக்காரருக்கு இவ்வளவு போதும். அழைப்பு எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். ‘மேடம், புடவை ஆர்டர் போட்டிருந்தீங்கல்ல? பார்சல் உங்க ஊர் ஆபீஸுக்கு வந்துடுச்சு. கதவு எண் சரியா பிரிண்ட் ஆகலை. விலாசம் மாத்த அஞ்சு ரூபா கட்டணும், லிங்க் அனுப்புறேன்.’ பெயர் சரி, பொருள் சரி, பார்சல் இருக்கும் இடமும் சரி. ஐந்து ரூபாய்தானே என்று லிங்க்கைத் தொடுகிறார். அந்தப் பக்கம் கேட்பதெல்லாம் கார்டு எண்ணும் ஓ.டி.பி-யும்தான். முகம் தெரியாத ஒருவர் சொல்லும் பொய்யை நம்ப வைப்பது, அதில் கலந்திருக்கும் இந்த உண்மை விவரங்கள்தான்.

வாங்குபவர்கள் போடும் ‘அன்பாக்ஸிங்’ வீடியோவிலும் இதே ஆபத்து உண்டு. முன்பக்க லேபிளை மறைத்துவிட்டுப் பெட்டியைச் சுழற்றும்போது, பக்கவாட்டில் ஒட்டிய பில் உறை ஒரே ஒரு நொடி தெரியும். அந்த நொடியில் வீடியோவை நிறுத்திப் படிக்க யாராலும் முடியும்.

மங்கலாக்கினால் மறைந்துவிடுமா?

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். மறைத்துவிட்டோம் என்று நினைப்பார்கள், மறைந்திருக்காது.

முதல் தவறு, ஹைலைட்டர். போனில் படத்தைத் திருத்தும் பகுதியில் பேனா, மார்க்கர் எனப் பல கருவிகள் இருக்கும். அவசரத்தில் ஹைலைட்டரை எடுத்துக் கறுப்பு நிறத்தில் நான்கைந்து முறை இழுத்தால் இருட்டாகத் தெரியும். ஆனால் அது கண்ணாடித்தாள் போன்றது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து மேலே வந்துவிடும்.

இரண்டாவது, கட்டம் கட்டமாக்கும் மொசைக். இது எழுத்தை அழிப்பதில்லை. சின்னச் சின்ன கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் நிறங்களின் சராசரியை வைக்கிறது, அவ்வளவுதான். பத்து இலக்க எண்ணை இப்படி மறைத்தால், அதைக் கண்டுபிடிக்க நினைப்பவர் படத்தைத் ‘தெளிவாக்க’ வேண்டியதில்லை. அதே எழுத்துருவில் 0 முதல் 9 வரை எழுதி, அதே அளவு மொசைக் போட்டு, எது ஒத்துப்போகிறது என்று ஒப்பிட்டால் போதும். இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. மொசைக் கட்டங்கள் சிறிதாக இருக்க இருக்க, அவர்களுக்கு வேலை சுலபம். லேசான மங்கலுக்கும் இதே கதிதான்.

மூன்றாவது, பார்கோடைப் பாதி மறைப்பது. பார்சலில் இருக்கும் நீளப் பார்கோடில் எல்லாக் கோடுகளும் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி ஓடுகின்றன. மேலே இருக்கும் அதே செய்திதான் கீழேயும். ஆகவே முக்கால்வாசி உயரத்தை மறைத்துவிட்டு அடியில் ஒரு மெல்லிய கீற்றை விட்டால், அந்தக் கீற்றே முழு எண்ணையும் சொல்லிவிடும்.

சதுரமான க்யூஆர் கோடு வேறு ரகம். அழுக்கு பட்டாலும், ஓரம் கிழிந்தாலும் படிக்க வேண்டும் என்பதற்காகவே அதில் விவரத்தைக் கொஞ்சம் மிகையாக எழுதி வைப்பார்கள். உச்சபட்ச நிலையில் சுமார் 30 சதவிகிதம் சேதமானாலும் மீட்டுவிட முடியும். போர்டிங் பாஸில் வரும் கோடுகளிலும் இதே போன்ற பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. நடுவில் ஒரு ஸ்மைலியை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

வெட்டிவிட்டாலே தீர்ந்தது என்றும் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. கூகுள் பிக்சல் போன்களின் படத் திருத்தக் கருவியில் இருந்த ஒரு கோளாறு 2023 மார்ச்சில் வெளியே வந்தது. ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தாலும், வெட்டிய பகுதியின் தரவு அதே ஃபைலின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து மறைத்த பகுதியைத் திரும்ப எடுக்க முடிந்தது. விண்டோஸ் 11-ன் ‘ஸ்னிப்பிங் டூல்’ கருவியிலும் இதே சிக்கல் இருந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். ஆனால், அதற்கு முன் அப்படி வெட்டி அனுப்பிய பழைய ஃபைல்கள் அப்படியேதான் இருக்கும்.

சரி, எப்படி மறைப்பது?

சிறந்த வழி, படம் எடுக்கும் முன்பே மறைத்துவிடுவது. கேமராவுக்குத் தெரியாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. போர்டிங் பாஸ் என்றால் பாஸ்போர்ட்டுக்குள் நன்றாகச் செருகி, விமான நிறுவனத்தின் பெயர் இருக்கும் மேல் ஓரம் மட்டும் தெரியும்படி வையுங்கள். பாஸின் துண்டுச்சீட்டுப் பகுதியிலும் பெயரும் எண்ணும் திரும்ப வரும் என்பதை மறக்க வேண்டாம். பாஸ்போர்ட்டின் பின்னட்டையில் ஒட்டித் தரும் லக்கேஜ் ஸ்டிக்கரையும் ஒருமுறை பாருங்கள்.

பார்சல் என்றால் லேபிள் ஒட்டுவதற்கு முன்பே படம் எடுத்துவிடலாம். ஒட்டிவிட்டீர்களா? எல்லாவற்றையும் குப்புற வைத்து எடுங்கள். லேபிள் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், உங்கள் கடைப்பெயர் எழுதிய கெட்டி அட்டை ஒன்றைச் செய்து, ஒவ்வொரு லேபிளின் மேலும் வைத்து எடுக்கலாம். விளம்பரமும் ஆயிற்று, விலாசமும் தப்பியது.

ஏற்கெனவே எடுத்த படத்தைத்தான் போட வேண்டும் என்றால், மங்கலாக்க வேண்டாம். முழுக்க மூடிவிடுங்கள். ஐபோனில் படத்தைத் திறந்து ‘Edit’, அடுத்து ‘Markup’, பிறகு கூட்டல் குறியைத் தொட்டு ஒரு செவ்வகத்தை எடுத்து, உள்ளே கறுப்பு நிறத்தால் நிரப்பலாம். ஆண்ட்ராய்டில் கேலரியின் திருத்தும் பகுதியில் பேனாவைத் தேர்ந்தெடுத்து, தடிமனைக் கூட்டி, அடியில் ஒன்றும் தெரியாதபடி அழுத்தமாகப் பூசிவிடலாம். எழுத்தின் அளவுக்கு மட்டும் மூடாமல், சுற்றிலும் கொஞ்சம் தாராளமாகவே மூடுங்கள். பார்கோடை நான்கு ஓரங்களோடும் சேர்த்து மூட வேண்டும்.

இதோடு ஒரு வேலை பாக்கி. திருத்திய படத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி பல போன்களில் உண்டு. அதனால் மூடிய படத்தைத் திரையில் முழுதாக வைத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டையே வெட்டாமல் பதிவிடுங்கள். திரையில் தெரிந்த கறுப்புக்கு அடியில் அதில் வேறெதுவும் இருக்காது.

போடுவதற்கு முன் சோதனை செய்துவிடலாம். வெளிச்சத்தை உச்சத்துக்குக் கூட்டிப் பாருங்கள். இன்னொரு போனில் திறந்து, விரல்களால் பெரிதாக்கிப் பாருங்கள். பார்கோடு படிக்கும் செயலியைக் காட்டிப் பாருங்கள். போனின் சாதாரண கேமரா படிக்கவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். காகித போர்டிங் பாஸில் வரும் அகலமான கோட்டின் பெயர் பி.டி.எஃப்.417. க்யூஆர் மட்டும் படிக்கும் கேமராவுக்கு அது புரியாது, அதற்கான செயலிகளுக்குப் புரியும். அதே சமயம், சோதிக்கிறேன் என்று முன்பின் தெரியாத இணையதளத்தில் உங்கள் பாஸை ஏற்றிவிடவும் கூடாது.

போட்டாகிவிட்டது, இப்போது?

முதலில் படத்தை எடுத்துவிடுங்கள். பகிர்ந்த குரூப்பிலும் நீக்குங்கள். அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாம் என்ற எண்ணத்தோடு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பயணம் இன்னும் முடியவில்லை என்றால், விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே உள்ளே போய், திரும்பும் டிக்கெட் பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்புக்கான மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஏதாவது மாறியிருந்தால் உடனே நிறுவனத்தை அழையுங்கள். அடிக்கடி பறப்பவர்களுக்கான கணக்கு இருந்தால் அதன் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

வெளியானது வாடிக்கையாளரின் விலாசம் என்றால், அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நியாயம். ‘அக்கா, தெரியாம உங்க நம்பர் படத்துல வந்துடுச்சு, எடுத்துட்டேன். பார்சல் பேரைச் சொல்லி யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க.’ இந்த ஒரு மெசேஜ் போதும். விலாசம் மாற்ற ஐந்து ரூபாய் கேட்கும் அந்தக் குரல் வரும்போது, அவர் ஏற்கெனவே விழிப்பாக இருப்பார்.

யாராவது பணத்தை இழந்துவிட்டால், நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். cybercrime.gov.in தளத்திலும் புகார் தரலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போய்ச் சேர்ந்தால்தான், அதை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கும்.

இவ்வளவு சொன்னாலும், விமான நிலையத்தில் படம் எடுப்பதை யாரும் நிறுத்தப்போவதில்லை. நிறுத்தவும் வேண்டாம். பாஸ்போர்ட் விசிறிக்குப் பதிலாக, தூக்கக் கலக்கத்தோடு காபி குடிக்கும் தாத்தாவை எடுங்கள். ஜன்னலில் மூக்கை ஒட்டி விமானத்தைப் பார்க்கும் பேத்தியை எடுங்கள். அதையும் ஊர் திரும்பி, வீட்டுக் கதவைத் திறந்த பிறகு போட்டால் இன்னும் நல்லது. வீடு பத்து நாள் பூட்டிக் கிடந்தது என்பது, நீங்கள் வந்த பிறகே ஊருக்குத் தெரியட்டும்.